குழுவுக்குக் கைபேசி எண் கிடையாது

என் வீட்டுக்காரர் இதுவரை யாரையும் எதையும் செய்யச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் இதை அவருடைய தங்கமான குணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகுதான் உறைத்தது. சொல்லாத வேலையையும் யாராவது செய்துதானே தீர வேண்டும். அந்த யாராவது நான்தான்.

"சமையலறைக் குழாய் கவனிக்கப்பட வேண்டிய நிலையில இருக்கு" என்பார், செய்தி வாசிப்பவர் மாதிரி. யார் கவனிப்பது, எப்போது கவனிப்பது என்று ஒரு வார்த்தை வராது. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே உதவிப் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பார்க்கலாம் சார்'. எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதில்தான். நான் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஜன்னலில் வந்து நின்று "மாத்திரை கொடுக்கப்படலாம்" என்று யாராவது சொன்னால் வரிசையில் நிற்கிறவர்களே அடித்துவிடுவார்கள்.

ஆனால் இந்தக் குணத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று அவருடைய துறையில் கண்டுபிடித்தார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஆய்வுக் குழு இருக்கும். நெறியாளர் ஒருவர், துறையிலிருந்து ஒருவர், புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூடி, ஆய்வாளர் என்ன செய்திருக்கிறார், இனி என்ன செய்ய வேண்டும் என்று பேசிவிட்டு, பிஸ்கட் தின்றுவிட்டுக் கலைவார்கள். பேசியதை எழுதி வைக்கிற வேலை குழுவிலேயே சின்னவர் தலையில் விழும். என் வீட்டுக்காரர்தான் சின்னவர். அவர் எழுதும் கூட்டக் குறிப்பு என்றால் எல்லோருக்கும் கொள்ளைப் பிரியம். 'விவாதிக்கப்பட்டது', 'கருத்தில் கொள்ளப்பட்டது', 'பரிசீலிக்கப்படலாம்' என்றே பக்கம் நிறையும். யார் மனமும் நோகாது. யாருக்கும் வேலையும் இருக்காது.

வேலை இல்லாதவர்கள் கதை அது. அந்தக் குழுவின் ஆய்வாளர் ஒரு பெண், அவள் கதை வேறு. அந்தப் பெண்ணைத் துறையில் 'ஆறாம் ஆண்டு' என்றே கூப்பிட்டார்கள், ஏதோ வகுப்புப் பெயர் மாதிரி. நகரப் பேருந்து நிறுத்தங்களில் ஜனங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், எப்போது பொறுமை இழந்து நடக்க ஆரம்பிக்கிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. கடைசியில் எல்லோரையும்விட அதிகம் காத்திருந்தது அவள்தான். நான்காம் அத்தியாயத்தை எழுதி நெறியாளரிடம் கொடுத்து எட்டு மாதமாகிவிட்டது. ஒரு வரி பதில் இல்லை.

அந்த நெறியாளரைத் துறையில் எல்லோரும் 'பெரியவர்' என்பார்கள். என் வீட்டுக்காரருக்கும் ஒரு காலத்தில் அவர்தான் நெறியாளர். பட்டம் வாங்கிப் பத்து வருஷம் ஓடிவிட்டது. இன்னமும் அவர் போன் வந்தால் இவர் எழுந்து நின்றுதான் பேசுவார். லுங்கியில் இருந்தால் வேட்டிக்கு மாறுவாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

இந்தச் சமயத்தில்தான் வினை வந்தது. அந்தப் பெண்ணின் பதிவு மாதக் கடைசியோடு காலாவதி. இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க வேண்டுமானால், கடைசிக் கூட்டத்தின் முடிவுகளை ஆய்வுப் பிரிவுக்குப் புதிய முறையில் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம். அது சரியாக இருந்தால்தான் வியாழக்கிழமை நடக்கிற பல்கலைக்கழகக் கவுன்சில் கூட்டத்தில் விண்ணப்பத்தை எடுப்பார்கள். இல்லையென்றால் ஆறு வருஷ உழைப்பும் போய், அவள் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும்.

என் வீட்டுக்காரர் தன் பாணியில் நிரப்பி அனுப்பினார். ஒன்பது வேலை. பொறுப்புக் கட்டத்தில் ஒன்பது இடத்திலும் 'ஆய்வுக் குழு'. தேதிக் கட்டத்தில் ஒன்பது இடத்திலும் 'அடுத்த கூட்டத்துக்குள்'. வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: 'குழுவின் கைபேசி எண் என்ன? புதன்கிழமைக்குள் திருத்தி அனுப்பவும்.' எழுதினவர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் இரண்டு வயது மகள், தோளில் மடிக்கணினிப் பை. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சார், எல்லாத்துக்கும் என் பேரையே போட்டுடுங்க சார். எதுவா இருந்தாலும் நான் செஞ்சுடறேன். அனுப்பினா போதும்" என்றாள்.

இவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. யார் மனமும் நோகாத வழி ஒன்று தானாகக் கதவைத் தட்டி வந்திருக்கிறதே. பேனாவை எடுத்து ஒன்பது கட்டத்திலும் மளமளவென்று 'ஆய்வாளர், ஆய்வாளர்' என்று எழுதிக்கொண்டே போனார். நான் குழந்தைக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முதல் வேலை, 'நான்காம் அத்தியாயத்தைப் படித்துக் கருத்துச் சொல்வது'.

"ஏங்க, அவ எழுதினதை அவளே படிச்சு அவளே நல்லா இருக்குன்னு சொல்லிக்கணுமா?" என்றேன்.

பேனா நின்றது.

"இல்ல, அது வந்து..."

"அப்ப அதுக்குப் பேர் யாரு?"

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாழைப்பழம் தின்கிற குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெயரைத் தேதியோடு ஒரு கட்டத்தில் எழுதுவது இவரைப் பொறுத்தவரை கோயில் சிலைக்கு வருகைப் பதிவு போடுகிற காரியம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலை தெரியாத மனுஷர் அல்ல. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, கூட்டத்தன்று கிறுக்கிய காகிதத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். பழைய வினாத்தாளின் பின்பக்கம். டீக் கறை, அம்புக்குறிகள், ஓரத்தில் யாரோ வரைந்த ஒரு பூனை. வரிவரியாகக் கோடு போட்டுப் பிரிக்க ஆரம்பித்தார்.

கூட்டத்தில் முடிவானது ஒரு பக்கம். யாராவது செய்தாக வேண்டியது ஒரு பக்கம். வெறும் பேச்சு ஒரு பக்கம். அந்த மூன்றாவது பக்கம்தான் ரொம்பி வழிந்தது. ஏசி சரியாக வேலை செய்யாதது பற்றியே ஏழு வரி இருந்தது. 'தலைப்பில் நகர்ப்புறம் என்பதா மாநகரம் என்பதா' என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, பழையபடியே இருக்கட்டும் என்று முடித்திருக்கிறார்கள். அதை முடிவுப் பக்கத்தில் போட்டார். அதில் யாருக்கும் வேலை இல்லை. கேள்வித்தாளைப் பின்னிணைப்பில் சேர்ப்பது, இரண்டாவது கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவது எல்லாம் அவளுடைய வேலைதான். அதில் சந்தேகமில்லை. 'மேற்கோள்கள் சீர் செய்யப்பட வேண்டும்' என்று இருந்ததை, 'எல்லா அத்தியாயங்களிலும் மேற்கோள்களை ஒரே முறைக்கு மாற்றி, பட்டியலை அனுப்புவது' என்று எழுதினார். முடிந்ததா இல்லையா என்று பார்த்தாலே தெரிய வேண்டுமாம். ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும், இரண்டு பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சொன்னார். இதெல்லாம் தெரிந்த மனுஷர்தான் பத்து வருஷமாக 'பரிசீலிக்கப்படலாம்' என்று எழுதியிருக்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இங்க பாரு. நாலாம் அத்தியாயம், அடுத்த கூட்டத்துக்குள்ள படிக்கணும்னு இருக்கு."

"சரி."

"அடுத்த கூட்டம் எப்பன்னு கீழ எழுதியிருக்கேன். நாலாம் அத்தியாயம் படிச்சு முடிஞ்சதும்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. படித்தால்தான் கூட்டம், கூட்டம் வைத்தால்தான் படிப்பு. இந்த ராட்டினத்தில் அந்தப் பெண்ணை ஏற்றி எட்டு மாதமாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். சுற்றிவிட்ட கை என் வீட்டுக்காரருடையது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"நானாப் பேர் போடக் கூடாது. நானாத் தேதியும் போடக் கூடாது. யாரும் ஒத்துக்காததை எழுதினா அது குறிப்பு இல்ல, கட்டுக்கதை. ஒவ்வொருத்தரையும் கேக்கணும்" என்றார், யாரையும் எதையும் கேட்டே பழகாத அந்த மனிதர்.

முதலில் வெளிப் பல்கலைக்கழகக்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"சார், பழைய ஆய்வுகள் பகுதியில சில முக்கியமான கட்டுரைகள் விட்டுப்போச்சு, பட்டியல் கொடுக்கணும்னு கூட்டத்துல சொன்னீங்க."

"ஆமா, கொடுக்கணும்."

"நீங்கதானே சார் கொடுக்கறீங்க?"

"கொடுக்கணும்னு சொன்னேன். நான் கொடுக்கணும்னு சொல்லலையே."

"வேற யாருக்கு சார் அந்தக் கட்டுரைகள் தெரியும்?"

"எனக்குத்தான் தெரியும்" என்று ஒத்துக்கொண்டார், திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில். "சரி, என் பேரைப் போடுங்க. தேதி மட்டும் வேண்டாம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "தேதி இல்லாம திருப்பி அனுப்பிடுவாங்க சார்" என்றார் இவர். அவர் ஐந்தாம் தேதி என்றார். போனை வைத்ததும் இவர் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மலை ஏறி இறங்கின மாதிரி இருந்தது முகம். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இதற்கே இவ்வளவா என்றும் இருந்தது.

பாக்கி இருந்தது பெரியவர். போனில் பேசத் தைரியம் போதாமலோ, போனில் பேசினால் மரியாதை இல்லை என்றோ, ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டுக்கே போனோம். நானும் கூடப் போனேன். வாசல்வரை போய்விட்டு, "பிறகு பார்க்கப்படலாம்" என்று திரும்பிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம்.

பெரியவர் வீட்டுக் கூடம் முழுக்கப் புத்தகம். நாற்காலியில் இருந்த புத்தகங்களைத் தரையில் வைத்துவிட்டுத்தான் உட்கார முடிந்தது. அவருடைய மனைவி காபி கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் காகிதத்தை நீட்டினார். முதல் வரிசையில் பொறுப்புக் கட்டமும் தேதிக் கட்டமும் காலி.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "குழுன்னு போட்டுடு."

"போட்டேன் சார். திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப ஆய்வாளர்னு போடு."

"அவங்க எழுதினதை அவங்களே எப்படி சார் படிச்சுக் கருத்துச் சொல்றது?" என்றார் இவர். என்னிடமிருந்து திருடின வாக்கியம். போகட்டும், நல்ல இடத்தில்தான் செலவழித்தார்.

பெரியவரின் மனைவிதான் பதில் சொன்னார். "அந்த ரோஸ் அட்டை போட்ட கட்டுதானே? எட்டு மாசமா அந்த மேஜை மேலதான் இருக்கு. தினம் காலையில எடுப்பாரு. நாலு பக்கம் புரட்டுவாரு. வச்சுடுவாரு. எத்தனை தடவை தூசி தட்டியிருக்கேன் தெரியுமா."

"நீ உள்ள போ" என்றார் பெரியவர். அந்த அம்மா போகவில்லை.

அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கு அந்தக் கணக்கு புரியலப்பா. அடுக்கடுக்கா ஏதோ ஒரு புது முறை. பஸ் ஸ்டாப் ஒரு அடுக்கு, பயணி ஒரு அடுக்கு. நாங்க படிச்ச காலத்துல இது கிடையாது. புரியாம நல்லா இருக்குன்னு எப்படி எழுதறது. புரியலன்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது."

இந்த மனிதர் மேல் நான் வாரக் கணக்கில் வளர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் காபியைக் குடித்தேன். பாவமாக இருந்தது. ஆனாலும் எட்டு மாதம் எட்டு மாதம்தான், அதுவும் மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரிசையைக் கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே இரண்டு வரிசை போட்டார்.

"சார், இது ஒரு வேலை இல்ல, ரெண்டு வேலை. நான்தான் ஒண்ணாச் சேர்த்து எழுதிட்டேன். கணக்குமுறை சரியான்னு பாக்கறது ஒண்ணு. அதுலேர்ந்து அவங்க எடுத்த முடிவு சரியான்னு பாக்கறது இன்னொண்ணு. பேருந்துல போற ஜனங்களைப் பத்தி உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. ரெண்டாவதுதான் உங்களுது. முதலாவதுக்கு நம்ம புள்ளியியல் சார் இருக்காரே."

"அவனும்தான் எட்டு மாசமா வாயத் திறக்கல" என்றார் பெரியவர்.

அங்கேயே புள்ளியியல்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் இவர். உட்கார்ந்தபடியே, பெரியவர் எதிரிலேயே. என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை.

"எனக்கும் ஒரு பிரதி வந்துதே" என்றார் அந்த மனிதர். "பெரியவர் படிச்சிட்டிருக்கார்னு சொன்னாங்க. அவர் சொல்றதுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டா மரியாதையா இருக்காதேன்னு தொடவே இல்ல. அவர் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டாரே?"

பெரியவர் கூரையைப் பார்த்தார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஒருவர் புரியாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர் மரியாதையால் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

புள்ளியியல்காரர் ஒன்பதாம் தேதி கொடுத்தார். இவர் தன் கையெழுத்தில் அதை எழுதிவிட்டு, அடுத்த வரிசையில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கேட்கவில்லை. கேட்க வரவில்லை என்று சொல்வதுதான் சரி. பெரியவரே சொன்னார்.

"அவன் குறிப்பு என் கைக்கு வந்த பிறகுதான் நான் படிக்க முடியும். ஒரு வாரம் கொடு. பதினாறுன்னு போடு. என் பேரை முழுசா எழுது, இனிஷியலோட."

அவள் திருத்துவதற்கு இருபத்து நான்கு. அடுத்த கூட்டம் இருபத்தெட்டு, எது முடிந்தாலும் முடியாவிட்டாலும். கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு என்ற கட்டத்தில் என் வீட்டுக்காரர் தன் பெயரையே எழுதினார். இதுவரை அவர் எழுதிய எந்தக் கூட்டக் குறிப்பிலும் அவர் பெயர் வந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

எல்லோருக்கும் அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வாங்கி, செவ்வாய்க்கிழமை ஆய்வுப் பிரிவில் சேர்த்தார். வியாழக்கிழமை நீட்டிப்பு கிடைத்தது. அன்று மாலை அந்தப் பெண் வந்தாள். நகல் ஒன்றைக் கையில் கொடுத்தோம். சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் படித்தாள். அவளுக்கு ஐந்து வேலை இருந்தது. அதைப் பார்த்துத் தலையாட்டினாள். மற்ற வரிசைகளுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"அக்கா, ஆறு வருஷத்துல எத்தனையோ கூட்டக் குறிப்பு பாத்துட்டேன்" என்றாள் என்னிடம். "எல்லாத்துலயும் நான் மட்டும்தான் இருப்பேன். என்னைத் தவிர வேற ஆளுங்களும் இதுல இருக்காங்கன்னு இப்பதான்க்கா தெரியுது."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தைக்கு மூன்றாவது வாழைப்பழத்தை உரித்தார்.

ஐந்தாம் தேதிப் பட்டியல் ஏழாம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதிக் குறிப்பு எட்டாம் தேதியே வந்துவிட்டது. பதினாறாம் தேதி காலை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெரியவர். இவர் வழக்கம்போல எழுந்து நின்றார்.

"படிச்சு முடிச்சுட்டேன்பா. நல்லாத்தான் எழுதியிருக்கா. அந்தக் கணக்கு மட்டும் பாதிதான் விளங்குது, அவன் குறிப்பைப் படிச்ச பிறகும். அவளையே வந்து எனக்கு விளக்கச் சொல்லணும். பாக்கலாம், ஒரு நாள்."

என் வீட்டுக்காரர் நின்றபடியே இடது கையால் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார்.

"எந்த நாள் சார்?" என்றார்.